தம்பியின் ரிசெப்ஷனில் அக்காவின் டோஸ்ட்: கடைசி வரியிலிருந்து எழுதுங்கள்

கேள்வி: வாற மாதம் என்ர தம்பிக்குக் கலியாணம். ரிசெப்ஷன் ஸ்காபரோவில ஒரு மண்டபத்தில, முந்நூறு பேர். குடும்பம் சார்பில நாலு நிமிசம் டோஸ்ட் சொல்லச் சொல்லி எம்சி கேட்டிருக்கிறார். அப்பா இருந்திருந்தா அவர்தான் சொல்லியிருப்பார். அவர் போய் ரெண்டு வருசம். மேடையில அழுதுடுவனோ எண்டு பயமா இருக்கு. தம்பியைப் பற்றி நிறையக் கதை இருக்கு: பத்தாம் வகுப்பில காதல் கடிதம் பிடிபட்டது, பனி தள்ளப் போய்ப் பக்கத்து வீட்டு ட்ரைவ்வேயைத் தள்ளினது, அப்பாவை டயாலிசிஸுக்கு ஒருநாளும் விடாமல் கூட்டிக்கொண்டு போனது. எதைச் சொல்லுறது? பொம்பிளை நல்ல பிள்ளை. அம்மாவின்ர கண் ஒப்பரேசன் நேரம் மருந்து விடுற நேரமெல்லாம் எழுதி ஃபிரிட்ஜில ஒட்டினவா. அவவின்ர சிநேகிதர் கனபேருக்குத் தமிழ் விளங்காது. அம்மாவும் மாமாமாரும் வைன் தொடமாட்டினம். எப்பிடிச் செய்யிறது?
— ஓர் அக்கா, மார்க்கம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கடைசி வரியை எழுதுங்கள். டோஸ்ட் என்பது மண்டபத்தில் இருக்கும் எல்லாரையும் ஒரே நேரத்தில் கிளாஸை உயர்த்த வைப்பது. அந்த ஒரு நொடிக்காகத்தான் முன்னுக்குள்ள மூன்று நிமிடமும். பலர் வாழ்த்துரையை ஆரம்பத்திலிருந்து எழுதிக்கொண்டு போய், முடிவு வரும்போது 'இருவரும் பதினாறு பேறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க, நன்றி, வணக்கம்' என்று இறங்கிவிடுகிறார்கள். சனம் கை தட்டும். ஊற்றி வைத்த கிளாஸ் மேசையிலேயே இருக்கும். பிறகு எம்சி ஓடிவந்து 'சரி, எல்லாரும் கிளாஸை எடுங்கோ' என்று சொல்லவேண்டி வரும். அதற்குள் அந்தச் சூடு ஆறிவிடும்.

கடைசி வரியில் இரண்டே இரண்டு பெயர்கள் இருந்தால் போதும்: உங்கள் தம்பியின் பெயர், மணமகளின் பெயர். மொழிப் பிரச்சினைக்கும் இதுதான் சுலபமான தீர்வு. தமிழ் விளங்காத சிநேகிதர்களும் ஆங்கிலம் வராத மாமாமாரும் அந்த இரண்டு பெயரையும் திருப்பிச் சொல்வார்கள். நீங்கள் சொன்னதை அவர்கள் திருப்பிச் சொல்வதற்கு, அது ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். 'அன்பும் பண்பும் நிறைந்த நல்வாழ்வு' என்று முடித்தால் யாரும் திருப்பிச் சொல்லமாட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மணமகளின் பெயரைப் பெற்றோர் எப்படி உச்சரிக்கிறார்களோ அப்படியே சொல்லிப் பழகுங்கள். பள்ளியில் ஆங்கிலக்காரர் சுருக்கிக் கூப்பிட்ட பெயரா, வீட்டுப் பெயரா, எதை அன்றைக்கு விரும்புகிறா என்று அவவிடமே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, எந்தக் கதை. மூன்றையும் சொல்ல நேரம் இல்லை, ஒன்றுதான். என் தெரிவு பனி தள்ளிய கதை. காரணத்தைச் சொல்கிறேன்.

காதல் கடிதக் கதைக்கு மண்டபம் சிரிக்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு முடிந்ததும் முன்மேசையில் இருக்கும் பொம்பிளையின் அப்பாவின் மனதில் நிற்பது இன்னொரு பெண்ணின் நினைப்பு. அவரும் சிரிப்பார், வீட்டுக்குப் போகும்போது காருக்குள் அதைப் பற்றித்தான் கதைப்பார்கள். பழைய காதல், அது பன்னிரண்டு வயதில் வந்ததாக இருந்தாலும், கலியாண மேடையில் வேண்டாம்.

டயாலிசிஸ் கதை உங்கள் தம்பியைப் பற்றி நீங்கள் சொல்லக்கூடியவற்றிலேயே பெரியது. அதனால்தான் அதை இங்கே சொல்லக்கூடாது என்கிறேன். பலருக்கு டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நாலு மணித்தியாலம். அதை ஒரு இளந்தாரி ஒருநாளும் விடாமல் செய்தான் என்று சொல்லத் தொடங்கினால், மண்டபம் முழுவதும் உங்கள் அப்பாவின் கடைசிக் காலத்துக்குப் போய்விடும். உங்களால் திரும்பி வர முடிந்தாலும் உங்கள் அம்மாவால் வர முடியாது. மணமகளுக்கு அன்று இரவு தனியாக, அல்லது கலியாணத்துக்கு முதல் நாள் ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள். அவவுக்கு அது தெரிந்திருக்கவேண்டும். முந்நூறு பேருக்குத் தெரியவேண்டியதில்லை.

பனிக் கதைக்கு வருவோம். அதை விளக்க வேறு ஆட்கள் தேவையில்லை: தம்பி, அப்பா, பக்கத்து வீடு. இங்கே இருக்கும் எல்லாரும் விடிய எழும்பிப் பனி தள்ளியவர்கள், வெள்ளைக்காரச் சிநேகிதரும்கூட. அதில் தம்பி ஏதோ செய்கிறான். அவனுக்கு ஏதோ நடந்த கதையைவிட அவன் எதையோ செய்த கதை எப்போதும் நல்லது, ஏனென்றால் அதிலிருந்து அவன் எப்படிப்பட்டவன் என்று கேட்பவர்கள் தாங்களே பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் 'என் தம்பி பொறுப்பானவன், பாசமானவன்' என்று அடுக்கவேண்டி வராது. ஆனால் நீங்கள் எழுதிய அளவில் அது பாதிக் கதை. பிழையான வீட்டைத் தள்ளினான் என்பது சிரிப்பு. பிழை தெரிந்த பிறகு என்ன செய்தான் என்பதுதான் டோஸ்ட். அம்மாவிடம் கேளுங்கள், பழைய அயலவரிடம் கேளுங்கள், ஞாபகப்படுத்திப் பாருங்கள். அந்த மிச்சம் கிடைக்காவிட்டால் கதையை வளர்க்காமல் வேறு கதைக்குப் போங்கள். இல்லாததைச் சேர்த்தால் உங்கள் தம்பியின் முகத்தில் உடனே தெரிந்துவிடும், வீடியோக்காரரின் கமரா அந்த நேரம் அவன் முகத்தில்தான் இருக்கும்.

அப்படி ஒரு மிச்சம் இருந்தால் முழு டோஸ்டும் எப்படி வரும் என்று கீழே எழுதியிருக்கிறேன். நடுவில் நான் நிரப்பிய விபரங்கள் மாதிரிக்குத்தான். உங்கள் வீட்டில் நடந்ததைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் வரும் இடங்களில் 'தம்பி', 'மணமகள்' என்றே விட்டிருக்கிறேன். பேச்சுத் தமிழிலேயே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். எழுத்துத் தமிழில் எழுதிக்கொண்டு போனால் மேடையில் வாய் அதை மாற்றப் பார்க்கும், அங்கேதான் தடக்கும்.

"வணக்கம். நான் மாப்பிள்ளையின்ர அக்கா. எங்கட குடும்பத்தின்ர சார்பில உங்கள் எல்லாரையும் வரவேற்கிறன்.

நாங்கள் இப்ப இருக்கிற வீட்டுக்கு வந்த முதல் பனிக்காலம். தம்பிக்குப் பதினைஞ்சு வயது. அப்பா விடிய அஞ்சரைக்கு வேலைக்குப் போகவேணும். அவர் கஷ்டப்படக்கூடாது எண்டு இவன் அலாரம் வைச்சு எழும்பி, இருட்டுக்குள்ள போய், ட்ரைவ்வே முழுக்கப் பனி தள்ளிப்போட்டு வந்து படுத்திட்டான். அப்பா கதவைத் திறக்கிறார். எங்கட கார் முழங்கால் அளவு பனிக்குள்ள நிக்குது. பக்கத்து வீட்டு ட்ரைவ்வே பளிச்செண்டு கிடக்கு.

அடுத்த நாளும் பனி கொட்டினது. அண்டைக்கு இவன் எங்கட பக்கத்தைத் தள்ளினவன். தள்ளி முடிச்சிட்டு, பக்கத்து வீட்டையும் தள்ளினவன். 'ஏன்ரா?' எண்டு கேட்டன். 'அந்த அம்மம்மா நேற்று எனக்கு யன்னலால கை காட்டினவா அக்கா. இண்டைக்குச் செய்யாட்டி என்ன நினைப்பா?' எண்டான். அந்தப் பனிக்காலம் முடியுமட்டும் ரெண்டு வீடும் இவன்தான்.

இந்தக் கதையை எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சது எங்கட அப்பா. இண்டைக்கு அவர் இல்லை. அதால நான் சொல்லுறன்.

மணமகளை எனக்கு ஒரு தாளிலதான் முதல் விளங்கினது. அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் நடந்த கிழமை, எந்த மருந்து எத்தனை மணிக்கு எண்டு பெரிய எழுத்தில தமிழில எழுதி ஃபிரிட்ஜில ஒட்டிப்போட்டுப் போனவா. ஒருத்தரும் கேக்கேல்லை. மருந்து முடிஞ்சு கன நாள். அம்மா இன்னும் அந்தத் தாளைக் கழட்டேல்லை.

கேக்காமலே செய்யிற ரெண்டு பேர் ஒரு வீட்டில சேருகினம். அம்மா, மாமா, மாமி, உங்களுக்குப் பெரிய சந்தோசம் எண்டு எனக்குத் தெரியும். எங்களுக்கும்தான்.

எல்லாரும் கிளாஸை எடுங்கோ. எழும்பக்கூடிய ஆக்கள் எழும்புங்கோ. ப்ளீஸ் ஸ்டாண்ட் அன்ட் ரெய்ஸ் யுவர் கிளாசஸ்.

தம்பி, மணமகள்!"

இவ்வளவுதான். இதை வீட்டில் நின்றுகொண்டு, சத்தமாக, போனில் நேரம் வைத்து வாசித்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட வரும். மண்டபத்தில் இதுவே மூன்றரை நிமிடத்துக்குக் கிட்ட எடுக்கும், ஏனென்றால் பனிக் கதையில் சிரிப்பு அடங்கக் காத்திருக்கவேண்டும், அப்பாவின் வரிக்குப் பிறகு மூச்சு விடவேண்டும், முந்நூறு பேர் கதிரையைத் தள்ளி எழும்பவும் நேரம் வேண்டும். எம்சி நாலு நிமிடம் தந்தால் வீட்டில் மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடினால் வேகமாக வாசித்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். ஒரு வசனத்தை வெட்டுங்கள்.

இதில் இல்லாத சிலவற்றையும் பாருங்கள். நன்றிப் பட்டியல் இல்லை. லண்டனிலிருந்து வந்த சித்தப்பாவின் பெயரைச் சொன்னால் பாரிஸிலிருந்து வந்த பெரியம்மாவின் பெயரையும் சொல்லவேண்டும், பிறகு உள்ளூரில் இரண்டு கிழமை சமைத்துத் தந்த மாமியைச் சொல்லவேண்டும், யாரோ ஒருவர் விடுபடுவார், அது பத்து வருடத்துக்கு நிற்கும். நன்றியுரை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும், அங்கே போகட்டும். 'பெருமதிப்புக்குரிய பெரியோர்களே, சான்றோர்களே' என்ற நீண்ட விளிப்பும் இல்லை, அது டோஸ்டின் நேரத்தில் கால்வாசியைத் தின்றுவிடும்.

'இனி அவனை நீதான் பாத்துக்கொள்ளவேணும்' என்ற வரியும் இல்லை. அக்காமார் மிகுந்த பாசத்தோடு சொல்லும் வரி அது. பொம்பிளையின் தாய் தகப்பனுக்கு அது கேட்கும் விதம் வேறு: தங்கள் மகளுக்கு ஒரு வேலை பாரம் கொடுக்கப்படுகிறது என்று. 'எங்கட வீட்டுக்கு இன்னொரு மகள் கிடைச்சிட்டா' என்பதும் அப்படித்தான். மகளை விட்டுக்கொடுத்துவிட்டோமோ என்று இருக்கும் அந்த இரவில், அதை உறுதிப்படுத்திச் சொல்லவேண்டாம். மணமகள் செய்த ஒரு காரியத்தைச் சொன்னால், வளர்த்தவர்களுக்குத் தானாகவே பெருமை போய்ச் சேரும். அவவை அறிமுகப்படுத்த ஊர், படிப்பு, வேலை ஒன்றும் தேவையில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டிய தாள் போதும். நீங்கள் அதைக் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே பெறுமதியான வரி அதுதான்.

மொழியைப் பற்றி. ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லி உடனே ஆங்கிலத்தில் சொல்வது பலர் செய்வது. நேரம் இரட்டிக்கும், அதைவிட மோசமாக, சிரிப்பு இரண்டாக உடையும்: தமிழ் விளங்கியவர்கள் முதலில் சிரித்து முடிப்பார்கள், மற்றவர்கள் பிறகு தனியாகச் சிரிக்கக் கூச்சப்படுவார்கள். அதற்குப் பதிலாக, நீங்கள் மைக்கைப் பிடிக்க முன்னர் எம்சி ஆங்கிலத்தில் இரண்டு வசனம் சொல்லட்டும்: இவர் மாப்பிள்ளையின் அக்கா, தம்பி பதினைந்து வயதில் இருட்டில் பிழையான வீட்டின் பனியைத் தள்ளிய கதையைத் தமிழில் சொல்லப்போகிறார் என்று. கதை தெரிந்துவிட்டால் மொழி தெரியாதவரும் உங்கள் முகத்தையும் கையையும் பார்த்துச் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிப்பார். ஆனால் பக்கத்து வீட்டையும் தொடர்ந்து தள்ளினான் என்பதை எம்சி சொல்லிவிடக்கூடாது. அதைத் தெளிவாக அவரிடம் சொல்லிவையுங்கள். எம்சிமாருக்குக் கதையை முழுதாகச் சொல்லிவிடும் ஆசை இருக்கும். அந்த மிச்சத்தைப் பக்கத்தில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அவர்களுக்கு மேசையில் சொல்லிக்கொள்வார்கள்.

இனி அழுகை. அப்பாவைப் பற்றி மூன்று சின்ன வசனம்தான் வைத்திருக்கிறேன், அதுவும் கதைக்கு நடுவில். முடிவில் வைத்தால் தொண்டை அடைத்துக்கொண்டிருக்கும்போதே கிளாஸை உயர்த்தச் சொல்லவேண்டி வரும். தொடக்கத்தில் வைத்தால் கதை முழுவதும் தழுதழுத்த குரலில் போகும். நடுவில் என்றால் அதற்குப் பிறகு குரலைத் திருப்பி எடுக்க ஃபிரிட்ஜ் தாள் இருக்கிறது. அவரைப் புகழவும் இல்லை, 'மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்' என்றும் இல்லை. அவர் அந்தக் கதையைச் சொல்லித் திரிந்தவர் என்பது மட்டும்தான். அதில் அவர் சிரிக்கிற ஆளாக வருகிறார். உங்கள் அம்மாவும் அப்படியே நினைப்பா.

அழுகை வரும்போது தொண்டையில் கட்டியாக நிற்பது உண்மையான தசை இறுக்கம். உடம்பு கூடக் காற்று எடுப்பதற்காகக் குரல்வளையின் வாசலைத் திறந்து வைக்கப் பார்க்கிறது; பேசவும் விழுங்கவும் அது மூடவேண்டும். அந்த இழுபறிதான் அந்தக் கட்டி. அதனால் மூச்சை உள்ளே இழுத்து இழுத்து அடக்கப் பார்த்தால் கூடும். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள், பிறகு வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் தொடங்குங்கள். சில விநாடி மண்டபம் காத்திருக்கும். உங்களுக்குத்தான் அது நீளமாகத் தெரியும். மன்னிப்புக் கேட்கவேண்டாம். அந்த மூன்று வசனத்தைச் சொல்லும்போது அம்மாவையோ தம்பியையோ பார்க்காதீர்கள். முன்கூட்டியே ஒரு மேசையில் ஒரு முகத்தைத் தெரிவுசெய்து வையுங்கள்: உங்களைத் தெரிந்தவர், ஆனால் லேசில் அழாதவர். தம்பியின் வேலைத்தளச் சிநேகிதர் ஒருவர் நல்லது.

அந்த மூன்று வசனத்தையும் மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், சமையலறையில், காரில், குளிக்கும்போது. முதல் சில தடவை அழுகை வரும், வரட்டும். சொல்லச் சொல்ல வாய்க்கு அது பழகிவிடும். மனதுக்குள் வாசிப்பது இதற்கு உதவாது. குரல் வெளியே வரும்போதுதான் உடையும், ஆகவே குரலைத்தான் பழக்கவேண்டும். அதோடு ஒரு ஏற்பாடும் செய்துவையுங்கள். எம்சியிடம் அல்லது ஒரு கசினிடம் கடைசி மூன்று வரியின் பிரதி ஒன்று இருக்கட்டும். உண்மையாகவே முடியாமல் போனால் அவரைப் பார்த்துத் தலையாட்டுங்கள், அவர் கிளாஸை உயர்த்தச் சொல்லி முடிப்பார். பெரும்பாலும் அது தேவைப்படாது; அப்படி ஒருவர் நிற்கிறார் என்று தெரிவதே குரலைப் பிடித்து வைத்திருக்கும்.

நிகழ்ச்சி ஒழுங்கில் உங்கள் டோஸ்ட் எங்கே வருகிறது என்று இந்தக் கிழமையே எம்சியிடம் கேளுங்கள். இரண்டு இடம் உங்களுக்கு ஆகாது. ஒன்று, படங்கள் போட்டுக் காட்டும் ஸ்லைட்ஷோவுக்கு அடுத்ததாக. அதில் அப்பாவின் படம் கட்டாயம் இருக்கும், லைட்டெல்லாம் அணைந்திருக்கும், பாட்டு வேறு இருக்கும். அதிலிருந்து நேரே மைக்குக்கு வந்து பனிக் கதை சொல்ல எவராலும் முடியாது. மற்றது, சாப்பாடு திறந்த பிறகு. அதற்குப் பிறகு சனம் இருக்கையில் இராது. பாதிப் பேர் பஃபே வரிசையில், மிச்சப் பேர் மேடைக்குப் படம் எடுக்கப் போகும் வரிசையில், பிள்ளைகள் நடன மேடையில். மணமக்கள் மண்டபத்துக்குள் வந்து, கேக் வெட்டி உட்கார்ந்த பின், சாப்பாட்டுக்கு முன் உள்ள இடம்தான் உங்களுக்கு. எல்லாரும் பசியோடு இருப்பார்கள், ஆனால் இருக்கையில் இருப்பார்கள்.

கிளாஸ் விடயத்தில் மண்டபத்தாரோடு வைத்திருக்கும் ஒப்பந்தத்தைப் பாருங்கள். டோஸ்டுக்கு ஊற்றுவது அதில் சேர்ந்ததா, சேர்ந்தால் என்ன ஊற்றுவார்கள் என்று எழுத்தில் இருக்கவேண்டும். நுரைக்கும் வைன் போத்தல் ஒன்றில் 750 மில்லிலீட்டர் இருக்கும். டோஸ்டுக்கு ஒருவருக்கு 75 மில்லிலீட்டர் தாராளம், நீளமான மெல்லிய கிளாஸில் அது பாதிக்குக் கிட்ட வரும். ஆக, பத்துப் பேர் மேசைக்கு ஒரு போத்தல் சரியாகப் போதும். முந்நூறு பேருக்கு முப்பது. நம்மவர் கலியாணத்தில் அம்மாமாரும் பெரியவர்களும் பிள்ளைகளும் வைன் எடுக்காதவர்கள் என்பதால், அந்த முப்பதில் கணிசமான பங்கு நுரைக்கும் அப்பிள் அல்லது முந்திரிகைச் சாறாக இருக்கட்டும். மேசை மேசையாக எண்ணி, வைன் எத்தனை, சாறு எத்தனை என்று மண்டபத்தாருக்குக் கொடுங்கள். சாறும் அதே வடிவக் கிளாஸில்தான் வரவேண்டும் என்று சொல்லிவையுங்கள். பிளாஸ்டிக் கப்பில் சாறு வைத்தால் அம்மா அதை உயர்த்தத் தயங்குவா. எதுவும் வேண்டாம் என்பவர் தண்ணீர்க் கிளாஸை உயர்த்தினாலும் முழுசாகப் பங்குகொண்டதுதான். உயர்த்திவிட்டுக் குடிக்காமல் வைத்தாலும் பிழையில்லை.

நேரம்தான் இதில் அதிகம் பிழைக்கிறது. மணமக்கள் வர முன்னரே ஊற்றிவிட்டால், அவர்கள் பிந்தி வரும்போது நுரை அடங்கியிருக்கும், பிள்ளைகள் சாற்றைக் குடித்து முடித்திருப்பார்கள். நீங்கள் மைக்கைப் பிடித்த பிறகு ஊற்றத் தொடங்கினால், போத்தல் திறக்கும் சத்தத்துக்குள் உங்கள் கதை போய்விடும். உங்களுக்கு முந்தியவர் பேசத் தொடங்கும்போது, அல்லது கேக் வெட்டும்போது, பரிமாறுபவர்கள் ஊற்றத் தொடங்கவேண்டும். எல்லா மேசையும் முடிந்தது என்று மண்டப முகாமையாளர் எம்சிக்குக் கை காட்டிய பிறகுதான் எம்சி உங்களைக் கூப்பிடவேண்டும். இந்த ஒன்றை மட்டும் எழுதி இருவருக்கும் அனுப்புங்கள், வாயால் சொன்னது அன்றைய அவசரத்தில் மறந்துபோகும்.

டோஸ்ட் யாருக்காகச் சொல்லப்படுகிறதோ அவர்கள் எழும்புவதும் இல்லை, அந்தச் சுற்றில் குடிப்பதும் இல்லை. தம்பிக்கும் மணமகளுக்கும் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். தெரியாமல் அவர்களும் எழும்பித் தங்களுக்கே கிளாஸ் உயர்த்துவது அடிக்கடி நடக்கிறது. எல்லாரும் குடித்து உட்கார்ந்த பிறகு தம்பி எழும்பி, பதிலுக்கு உங்களுக்கும் இரண்டு குடும்பத்துக்குமாக ஒரு கிளாஸ் உயர்த்தினால் அழகாக இருக்கும்.

கடைசியாக உங்கள் கை. மைக், எழுதிய தாள், கிளாஸ் என்று மூன்று பொருள், கையோ இரண்டு. இதை முன்கூட்டியே யோசிக்காதவர்கள்தான் மேடையில் கிளாஸைக் கக்கத்தில் செருகப் பார்ப்பார்கள். டீஜேயிடம் மைக் ஸ்டாண்ட் கேளுங்கள், அல்லது தாளை வைக்க ஒரு சாய்மேசை கேளுங்கள். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். கிளாஸ் பக்கத்தில் உயரமான சின்ன மேசையில் தண்ணீரோடு சேர்த்து முதலே வைக்கப்பட்டிருக்கவேண்டும். 'எல்லாரும் கிளாஸை எடுங்கோ' என்று சொல்லும்போதுதான் நீங்களும் எடுக்கவேண்டும். அந்தக் கையசைவே சனத்தை எழுப்பும். பிறகு எல்லாரும் எழும்பும் வரை பேசாமல் நில்லுங்கள். கதிரைச் சத்தம் ஓய்ந்தபின் கிளாஸைக் கண் உயரத்துக்குத் தூக்கி, இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

தாளைத் தடித்த அட்டையாக, மூன்று அட்டைக்கு மேல் போகாமல், ஒரு பக்கம் மட்டும், பெரிய எழுத்தில் எழுதி இலக்கமிடுங்கள். மண்டப வெளிச்சம் மங்கலாக இருக்கும். போனில் வாசிக்கவேண்டாம்: திரை அணையும், முகத்தில் நீல வெளிச்சம் விழும், யாராவது 'எந்த மேசை?' என்று மெசேஜ் அனுப்புவார்கள்.

கையில் பிடிக்கும் மைக் என்றால் வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலத்தில், நாடிக்கு நேரே சாய்த்துப் பிடியுங்கள். வலைப்பகுதியைக் கையால் பொத்தக்கூடாது. பொத்தினால் மைக் எல்லாப் பக்கச் சத்தத்தையும் எடுக்கத் தொடங்கி ஊளையிடும். ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாலும் அதேதான், ஆகவே டீஜே காட்டும் இடத்தை விட்டு நகராதீர்கள். மைக் பிடிக்கும் கையில் அன்றைக்குக் கண்ணாடி வளையல் அடுக்கவேண்டாம். கதை சொல்லும்போது கை அசையும், ஒவ்வொரு அசைவுக்கும் வளையல் மைக்கில் தட்டும், வீடியோவில் அது உங்கள் குரலுக்கு மேலால் கேட்கும். வளையலை மற்றக் கைக்கு மாற்றிவிடுங்கள். விருந்தினர் வர முன்னர் டீஜேயோடு ஒரு நிமிடம் ஒதுக்கி, முதல் இரண்டு வசனத்தை நிஜமாகப் பேசும் குரலில் சொல்லிப் பாருங்கள். 'ஹலோ, ஒன், டூ' என்று சொன்னால் டீஜேக்கு உங்கள் குரலின் அளவு தெரியாது.

பெயர்களைச் சொல்லி, ஒரு மிடறு குடித்ததும் கிளாஸை வையுங்கள், மைக்கை அணைத்து எம்சியிடம் கொடுங்கள். தம்பி எழும்பி உங்களைக் கட்டிப்பிடிக்க வருவான், அந்த நேரம் இரண்டு கையும் வெறுமையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மைக் அவன் தோளுக்கும் உங்கள் காதுக்கும் நடுவில் நசிந்து, நீங்கள் அவனுக்கு மட்டும் சொல்வது முந்நூறு பேருக்கும் கேட்கும்.